காலி இருக்கா

சிவசங்கரிக்கு முப்பத்தொரு வயதில் வேலை போனது. அவள் மேல் தப்பு எதுவும் இல்லை. வானூர்ப் பக்கம் இருந்த மாத்திரைக் கம்பெனி குஜராத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். கடைசி நாளன்று எச்.ஆர். பெண் சிரித்துக்கொண்டே, "நீங்களும் அங்க வந்துடலாமே மேடம்" என்றாள். வரமாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் கேட்டாள்.

திண்டிவனத்தில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மரக்காணம் கூட்டுரோட்டில் கம்பெனி வேன் ஏறியவள். ஏழு வருஷம் அதே வேன், அதே ஜன்னலோர சீட். யாராவது அந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவாள். லேபில் அவளுக்கு நல்ல பேர் இருந்தது. பிரியமானவள் என்ற பேர் இல்லை. ரிசல்ட்டைக் கொஞ்சம் ஏற்றிப் போடச் சொன்னால் போடமாட்டாள் என்று ப்ரொடக்‌ஷன் ஆட்களுக்கு அவள் மேல் கடுப்பு. கல்யாணம் இரண்டு தடவை பேச்சளவில் வந்து பேச்சளவில் நின்றது. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் மாசம் தவறாமல் வந்தது. அப்பா ராஜாங்கம் குத்தகைக்கு எடுத்திருந்த உப்புப் பாத்திகள் கைவிட்டுப் போன பிறகு, சீசனில் யாராவது கூப்பிட்டால் மேற்பார்வைக்குப் போவார். மழைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யைத் திட்டுவார்.

கம்பெனி மூடிய பிறகு அவர் டி.வி.யை விட்டுவிட்டு மகளைத் திட்ட ஆரம்பித்தார்.

"ஊர் பூரா அப்ளிகேசன் போடற. சகாதேவன் அண்ணன்கிட்ட போய் நிக்க மட்டும் கால் வரல இல்ல?"

சகாதேவன் உப்பு ஆலை வைத்திருந்தார். ஈ.சி.ஆர். ஓரத்தில், உப்பைக் கழுவி அரைத்து அயோடின் தெளித்துப் பாக்கெட் போடும் ஆலை. அவரும் ராஜாங்கமும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த பாத்தியில் ஆரம்பித்தவர்கள். ஒருவர் ஆலை வரைக்கும் போனார், இன்னொருவர் பாத்தியோடு நின்றுவிட்டார். சொந்தம் இல்லை. ஆனால் வீட்டில் எந்த விசேஷமானாலும் முதல் பத்திரிகை அவருக்குத்தான். சிவசங்கரிக்குப் பேசத் தெரிந்த நாளிலிருந்து அவர் பெரியப்பா.

"போறேன்" என்றாள் சிவசங்கரி. "ஆனா நானே பேசிக்கறேன். லேப்ல காலி இருக்கான்னு கேப்பேன். இருந்தா அப்ளை பண்ணுவேன். இல்லன்னா வேற யாராவது ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டுட்டு வந்துடுவேன். நீ நடுவுல வரக்கூடாது."

"காலி இருக்கான்னா? அவரு என்ன லாட்ஜா நடத்தறாரு?"

அம்மா தையல்நாயகி அடுக்களையிலிருந்து சிரித்துவிட்டாள். ராஜாங்கம் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார்.

"பெரியப்பா, நீங்க பாத்து எதுனா ஒரு வழி பண்ணுங்கன்னு கேளுடி. அதான் கேக்கற மொறை. ஆப்பிள் வாங்கிக்க. வெறுங்கையோட போவாத."

"பழம் எடுத்துட்டுப் போனா அது கேக்கறது இல்லப்பா. கெஞ்சறது."

"ஆமா. கெஞ்சிதான் ஆவணும். அவரு பெரிய மனுசன்."

அவளுக்கு வேறு ஒன்று ஞாபகத்தில் இருந்தது. மாத்திரைக் கம்பெனியில் டைரக்டருக்கு வேண்டப்பட்ட ஒரு பையனை லேபில் கொண்டுவந்து போட்டார்கள். கெட்டவன் இல்லை, வேலையும் தெரிந்தவன்தான். ஆனாலும் கடைசி வரைக்கும் அவன் பேர் 'மேலேர்ந்து வந்தவன்'. அவன் சரியாகச் செய்தது யார் கண்ணிலும் படவில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டான். சிவசங்கரியும் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டதில்லை.

அதனால் அவள் யோசித்து, அழித்து, திரும்ப எழுதி சகாதேவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள்:

'வணக்கம் சார். நான் ராஜாங்கம் மகள் சிவசங்கரி. மருந்துக் கம்பெனி லேபில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி இடம் மாறியதால் வேலை தேடுகிறேன். உங்கள் ஆலையில் லேப் வேலை ஏதாவது காலி இருக்கிறதா, இனி வர வாய்ப்பு உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இல்லை என்றாலும் பரவாயில்லை. பத்து நிமிடம் நேரம் கொடுத்தால் நேரில் வந்து உங்கள் தொழில் பற்றியும் கேட்டுக்கொள்வேன். பயோடேட்டா அனுப்பியிருக்கிறேன். நன்றி.'

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் மிஷின் ஓடும் சத்தம். "நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வா." அம்மா என்றோ பாப்பா என்றோ இல்லை.

*

ஆபீசில் ஏ.சி. ஓடியது. மேஜை மேல் உப்புப் பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாய் போர்த்திய உப்பு அம்பாரங்கள். சகாதேவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் சார்."

அவர் நிமிரவில்லை.

"யாரு சார்?"

சிவசங்கரி பயோடேட்டாவை மேஜை மேல் வைத்தாள்.

"இல்ல, கேக்கறேன். யாரு சார்? உன் காது குத்துல உன்ன எந்த மடியில உக்கார வெச்சாங்க, தெரியுமா? நீ அழுது என் சட்ட பூரா ஈரம் பண்ண. அப்போ நான் சாரா?"

"ஆபீஸ்ல வந்து பேசறதால அப்படிக் கூப்புட்டேங்க. உறவ வெச்சுக் கேக்கறேன்னு நீங்க நெனச்சிடக் கூடாதுன்னு."

"நெனச்சா என்னா?"

இதற்கு ஒரு பதில் யோசித்து வந்திருக்கவேண்டும் என்று சிவசங்கரிக்குத் தோன்றியது.

"சரி" என்று அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "சார்னா சார். சொல்லுங்க மேடம். உப்பப் பத்தி என்னா தெரியும்?"

"உப்பு லேப்ல நான் வேல பாத்ததில்ல. ஆனா டைட்ரேசன் தெரியும். அயோடின் பாக்கறது, ஈரப்பதம் பாக்கறது, ரெண்டும் நாங்க தினமும் செஞ்சதுதான். மொத ரெண்டு வாரம் யாராவது கூட இருந்தா பழகிடுவேன்."

"கூட இருக்க ஆளு இல்ல. லேபுக்கு ஒரே ஆளு. அந்தப் பொண்ணு நாலு வருசமா இருக்குது. ஒழுங்கா பாக்குது. வேற?"

"அப்போ இப்போ காலி இல்லைங்களா?"

"இல்லன்னு சொன்னேனே."

"சரிங்க சார். இனிமே காலி வந்தா சொல்லுங்க. எல்லாரயும் போல நானும் அப்ளை பண்றேன். இந்தப் பக்கம் வேற யாராவது லேபுக்கு ஆள் தேடறாங்கன்னா—"

"எல்லாரயும் போல." அவர் அதை நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். "உங்கப்பன் என் கூட ஒரே டம்ளர்ல டீ குடிச்சவன். அவன் பொண்ணு வந்து எல்லாரயும் போலங்குது. நல்லா வளத்திருக்கான்."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் எதையும் எடுத்துக்கல. போயிட்டு வாங்க மேடம். டீ சாப்பிட்டுப் போங்க. எல்லாருக்கும் குடுக்கறதுதான்."

டீ வந்தது. சூடு ஆறும் முன்பே குடித்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வரும் வழியில் லேப் கதவு திறந்திருந்தது. சின்ன அறை. ஜன்னல் திண்டில் வேளாங்கண்ணி மாதா படம். ப்யூரெட்டுக்கு முன்னால் குனிந்து நின்ற பெண், கண்ணாடிக் குடுவையின் நீலம் வெளுக்கும் வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் திரும்பினாள். மார்பில் தொங்கிய அட்டையில் மெர்லின் என்றிருந்தது.

"இன்டர்வியூக்கா வந்தீங்க?"

"இல்லைங்க. காலி இருக்கான்னு கேக்க வந்தேன். இல்லன்னுட்டாரு."

"லேப்லயா?"

"ஆமா."

"லேப்ல ஒரே ஆளுதான். நான்தான்."

"அவரும் அதான் சொன்னாரு. நல்லா பாக்கறீங்கன்னும் சொன்னாரு."

மெர்லின் முகம் கொஞ்சம் இளகியது. "என்கிட்ட சொன்னதேயில்ல" என்றாள்.

*

"சாருன்னா கூப்புட்ட?"

ராஜாங்கத்துக்கு அன்று சாயங்காலமே செய்தி வந்துவிட்டது. சகாதேவனே போன் செய்து சொல்லியிருந்தார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் ராஜாங்கத்தைச் சுட்டது.

"முப்பது வருசப் பழக்கத்த ஒரே வார்த்தையில தொலச்சுட்டு வந்துட்டா. உன் பொண்ணுதான்" என்று மனைவியிடம் கத்தினார்.

"காலி இல்லன்னாரு. நான் சரின்னேன். இதுல தொலைக்க என்னா இருக்குது?" என்றாள் சிவசங்கரி.

"காலி இல்லயா? மொதலாளி நெனச்சா காலி இல்லயா? உன் மண்டையில என்னா இருக்குது, உப்பா?"

"உப்பு இருந்தா அங்கயே எடுத்துட்டிருப்பாங்க."

தையல்நாயகி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றாள். "உங்கப்பா ராத்திரி தூங்கறதில்ல. தெரியுமா உனக்கு?"

அடுத்த நாள் ராஜாங்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று சிவசங்கரி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கையில் பை இருந்ததைப் பார்த்தாள். பை கனமாகத் தொங்கியதையும் பார்த்தாள். ரேஷனுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"திங்கக்கெழம வரச் சொல்லிட்டாரு. லேபுல. சம்பளம் பேசிக்கலாம்னாரு."

"காலி இல்லன்னாரே."

"அதெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

"என்னாப்பா கேட்ட அவருகிட்ட?"

"பொண்ணு தெரியாம பேசிட்டா, நீங்க பாத்து செய்யுங்கண்ணேன்னேன். வேற என்னா கேப்பாங்க? மனுசன் எழுந்து வந்து என் தோள்ள கைய வெச்சாரு."

"ரெண்டாவது ஆள் எடுக்கறாங்களா? இல்ல—"

"ஏய். வேல குடுத்தா ஏன்னு கேக்கற ஒரே ஜென்மம் நீதான்."

சகாதேவனுக்கு அவள் ஒரு செய்தி அனுப்பினாள். 'லேபில் இரண்டாவது இடமா, தெரிந்துகொள்ளலாமா?' நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. இரண்டாவது இடமாகத்தான் இருக்கும் என்று அம்மா சொன்னாள். ஆலை பெருகுதில்ல, என்றாள். சிவசங்கரி அதை நம்பினாளா என்று கேட்டால், லேபில் போடும் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

*

திங்கட்கிழமை லேப் அறையில் மெர்லின் ஜன்னல் திண்டிலிருந்து மாதா படத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு காப்பி டம்ளர், ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு, எல்லாம் துணிக்கடைப் பையில் போயிருந்தன.

சிவசங்கரி வாசலிலேயே நின்றாள்.

"வாங்க" என்றாள் மெர்லின். "உள்ள வாங்க. இனிமே உங்க எடம்தான. எதுக்கு வெளிய நிக்கறீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

"என்னா தெரியாது?"

"உங்கள அனுப்பறாங்கன்னு."

"அன்னைக்கு அழகா சொன்னீங்க. காலி இருக்கான்னு கேக்க வந்தேன், இல்லன்னுட்டாருன்னு. நானும் நம்பி, பாவம்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட கூட சொன்னேன், நல்ல மாதிரி பொண்ணுன்னு." பையின் வாயை முடிச்சுப் போட்டாள். "நேத்து ஞாயித்துக்கெழம. கோயில் விட்டு வெளிய வர்றேன், சூப்பர்வைசர் போன் பண்றாரு. நாளைக்கு வந்து கணக்கு முடிச்சுக்கச் சொல்றாரு. என்னா காரணம்னு கேட்டேன். மொதலாளிக்கு வேண்டப்பட்ட பொண்ணு வருதுங்கறாரு."

"நான் போய்ப் பேசறேன்."

"பேசுங்க. உங்க பெரியப்பாவாமே."

சகாதேவன் ஆபீசில் நின்றுகொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தார். "வாம்மா. உக்காரு. கடலூருக்கு இன்னைக்கு லோடு போவணும், சாம்பிள் எடுத்து வெச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு போறதுக்குள்ள எது எது எங்க இருக்குதுன்னு கேட்டுக்க."

"சார்—"

"இன்னமுமா?"

அவள் நிறுத்தினாள். அன்று அந்த வார்த்தையைத் தான் பிடித்துக்கொண்டது தவறாகப் போயிற்று. அவருக்கு வேண்டியது வேறு வார்த்தை. சரி, அதையே கொடுத்துவிடலாம்.

"பெரியப்பா" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பெரியப்பா, நான் காலி இருக்கான்னுதான் கேட்டேன். காலி பண்ணச் சொல்லல."

மலர்ந்த முகம் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாதது போல.

"உங்கப்பன் வந்து என் வீட்டுக் கூடத்துல அழுதான். தெரியுமா?"

தெரியாது. அழுததை அப்பா சொல்லவில்லை.

"அழுதான். ஆப்பிள் பைய மடியில வெச்சுக்கிட்டு அழுதான். எனக்கு மனசு கேக்கல. அவனுக்காகச் செஞ்சேன். உனக்காக இல்ல. உன் மூஞ்சிக்கு நான் வாட்ச்மேன் வேல கூட குடுக்கமாட்டேன்."

"ரெண்டாவது ஆளா எடுக்கறீங்கன்னா வர்றேன். கம்மி சம்பளம்னாலும் பரவால்ல. அவங்கள அனுப்பிட்டுன்னா வேணாங்க."

"இந்த ரூமுக்கு ரெண்டு பேரா? நான் என்னா காலேஜா நடத்தறேன்? அவள அனுப்பியாச்சு. நீ இல்லன்னா நாளைக்கு வேற ஒருத்தி. உன் புண்ணியத்துல அவளும் வீட்டுக்கு, நீயும் வீட்டுக்கு. போதுமா? மனசு நெறஞ்சுதா?"

"லோடுக்கு யாரு பாப்பாங்க?"

"அது என் கவல. வெளிய போ."

போனாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "எல்லாரயும் போல பொடிநடையா போம்மா. நல்லா போ."

*

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. மெர்லின் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குடை பிடித்து நின்றாள். சிவசங்கரி வந்து நின்றதைப் பார்த்தாள். குடையை இன்னொரு பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"நான் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள் சிவசங்கரி.

"சரி."

"உங்கள வெச்சுக்கச் சொன்னேன்."

"அதுக்கு என்னா பண்ணணும் நான்? கால்ல விழணுமா?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்திகளில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வெயில் தரையிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. இரண்டு பேருமே கண்ணைச் சுருக்கிக்கொண்டு வடக்கே பஸ் வருகிறதா என்று பார்த்தார்கள்.

பஸ்ஸுக்கு முன்னால் ஆலை சூப்பர்வைசரின் பைக் வந்தது. அவர் சிவசங்கரி இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மெர்லின், வாம்மா. மொதலாளி கூப்புடறாரு."

"எதுக்குங்க?"

"லோடு நிக்குது. ரிப்போர்ட் இல்லாம வண்டிய எடுக்க முடியாது, உனக்குத் தெரியாதா? வா, ஏறு."

"இன்னைக்கு மட்டுமா, இல்ல தொடர்ந்தா?"

"அது எனக்கென்னாம்மா தெரியும்? வான்னாரு."

"கேட்டுட்டு வாங்க. இன்னைக்கு மட்டும்னா நான் வரமாட்டேன்."

அவர் முனகிக்கொண்டே போனை எடுத்துத் தள்ளிப்போய்ப் பேசினார். போனிலிருந்து கத்தல் கேட்டது. திரும்பி வந்து, "தொடர்ந்துதானாம். ஏறித் தொல" என்றார்.

மெர்லின் குடையை மடக்கினாள். பையைத் தூக்கிக்கொண்டாள். பைக்கில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

"நீங்க ஒண்ணும் பெருசா விட்டுக் குடுத்துடல. என் எடத்த என்கிட்டயே குடுத்தீங்க. நன்றி எல்லாம் எதிர்பாக்காதீங்க."

"எதிர்பாக்கல."

"இனிமே தெனமும் அந்தாளு மூஞ்சில நான் முழிக்கணும். ஒரு வாட்டி அனுப்புனவரு மறுவாட்டி அனுப்பமாட்டாரா? அதுவும் உங்களாலதான்."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பைக் போய்விட்டது.

போன் அடித்தது. அப்பா. எடுத்தாள்.

"அண்ணன் போன் பண்ணிட்டாரு" என்றார் ராஜாங்கம். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். "இனிமே என் வீட்டு விசேசத்துக்கு வராதன்னுட்டாரு. என்னத்தான். உன்ன இல்ல."

"நீ அழுதியாப்பா?"

"உன் வேலயப் பாத்துட்டுப் போடி" என்று வைத்துவிட்டார்.

பஸ் இன்னும் வரவில்லை. அவள் சகாதேவனுக்கு அனுப்பிய பழைய செய்தியைத் திறந்து நகலெடுத்தாள். மாத்திரைக் கம்பெனியில் அவளுக்கு சீனியராக இருந்த ஜெரால்டு, இப்போது இதே கரையோரம் ஒரு இறால் பண்ணையில் தண்ணீர் டெஸ்ட் பார்க்கிறார் என்று கேள்வி. 'சார்' என்பதை 'அண்ணா' என்று மாற்றலாமா என்று யோசித்துவிட்டு, லேபில் கூப்பிட்ட மாதிரியே 'ஜெரால்டு சார்' என்று போட்டாள். 'காலி இருக்கிறதா' என்ற இடத்தில் நின்றாள். செய்தியின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'இப்போது ஆள் இருக்கிற இடம் என்றால் எனக்காக யாரிடமும் பேசவேண்டாம்.' அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. 'இங்கயும் ஆள் இருக்குதும்மா. நீ போட்ட அந்தக் கடைசி வரி எதுக்கு? யாரு என்னா சொன்னாங்க?'

'யாரும் ஒண்ணும் சொல்லல சார். வேற எங்கயாவது ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க' என்று எழுதினாள்.

'சூனாம்பேடு பக்கம் ஒரு இறால் குஞ்சு ஹேச்சரில லேபுக்கு ஆள் தேடறதா பேச்சு. புதுசா ஆரம்பிக்கறாங்க. நம்பர் அனுப்பறேன். ஆனா என் பேர சொல்லாத. அவனுக்கும் எனக்கும் ஆகாது.'

நம்பர் வந்தது. அதைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது பஸ் வந்து நின்றது. படியில் ஆட்கள் தொங்கினார்கள்.

"உள்ள எடம் இல்ல" என்றான் கண்டக்டர், அவளைத்தான் குற்றம் சொல்வது போல. "நின்னுட்டு வர்றதுன்னா ஏறு."

ஏறினாள்.